கம்ப்ரஸர் ஓடுகிறது, ஓவர்லோட் வெட்டுகிறது: ஓம் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: சிங்கிள் டோர் பிரிட்ஜ், 190 லிட்டர், வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. கம்ப்ரஸர் நல்லா ஸ்டார்ட் ஆகுது, இருபது இருபத்தஞ்சு நிமிஷம் ஓடுது, அப்புறம் டக்னு ஓவர்லோட் வெட்டி நின்னுடுது. ஏழெட்டு நிமிஷம் கழிச்சு தானா ஓடும், மறுபடி அதே கதை. பார்க்க வந்த மெக்கானிக் வைண்டிங் போயிருச்சு, கம்ப்ரஸர் மாத்தணும்ங்கறார். என்கிட்ட மல்டிமீட்டர் இருக்கு. ரிலேயைக் கழட்டிட்டு மூணு பின்லயும் அளந்தேன்: 14.6, 21.3, 35.5 ஓம். வைண்டிங் நல்லா இருக்கா, இல்லையா?

பதில்:

உங்கள் மூன்று எண்களை வைத்துப் பார்த்தால் வைண்டிங் அறுந்து போகவில்லை, பெரிய ஷார்ட்டும் இல்லை. அதைத் தாண்டி அந்த எண்கள் எதையும் சொல்லாது. கம்ப்ரஸரை மாற்ற இது போதுமான காரணம் இல்லை. அதே சமயம் கம்ப்ரஸர் சுத்தமாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கவும் இது போதாது. இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு வெட்டும் கம்ப்ரஸரில் கோளாறு பெரும்பாலும் வைண்டிங்குக்கு வெளியேதான் இருக்கும். ஓவர்லோடே சோர்ந்து போயிருக்கலாம், சூடு வெளியேற வழியில்லாமல் இருக்கலாம், வோல்டேஜ் சரியில்லாமல் இருக்கலாம். இவற்றில் எது என்று பிரித்துப் பார்க்க அதே மல்டிமீட்டரைக் கொண்டே ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் எண்கள்.

மூன்று பின்களில் எந்த இரண்டுக்கு நடுவே அதிக ஓம் வருகிறதோ, அவை ஸ்டார்ட்டும் ரன்னும். மிச்சம் இருக்கும் பின் காமன். உங்களுக்கு 35.5 வந்த ஜோடி அதுதான். காமனிலிருந்து குறைவாகக் காட்டும் பக்கம், அதாவது 14.6, ரன் வைண்டிங். 21.3 காட்டுவது ஸ்டார்ட். இந்த அளவு பிரிட்ஜ் கம்ப்ரஸர்களில் ரன் பத்து முதல் இருபது ஓமுக்குள்ளும், ஸ்டார்ட் அதைவிடச் சற்று அதிகமாகவும் வருவதுதான் வழக்கம். சில மாடல்களில் ஸ்டார்ட் வைண்டிங் ரன்னைவிடக் குறைவாகவும் இருக்கும். அதனால் பின்னை அடையாளம் காண ஓம் மட்டும் பார்க்காமல், கம்ப்ரஸர் மூடிக்குள் இருக்கும் படத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரன்னும் ஸ்டார்ட்டும் காமனில் சந்திப்பதால், இரண்டையும் கூட்டினால் மூன்றாவது அளவு வர வேண்டும். 14.6 + 21.3 = 35.9. நீங்கள் அளந்ததோ 35.5. இந்த 0.4 ஓம் வித்தியாசத்தைக் காட்டி வைண்டிங் கோளாறு என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அது உங்கள் மீட்டர் வயரின் ஓம். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.4 காட்டும். ஒவ்வொரு அளவிலும் அந்த 0.4 ஒளிந்திருக்கிறது. இரண்டு அளவுகளைக் கூட்டும்போது அது இரண்டு முறை சேர்கிறது, நேரடி அளவில் ஒரு முறைதான். கழித்துவிட்டுப் பாருங்கள்: 14.2, 20.9, 35.1. இப்போது கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்துத்தான் இதையெல்லாம் அளக்க வேண்டும். பீப் சத்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அறுந்த வைண்டிங் மட்டும்தான் தெரியும். பதினான்குக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் பீப்பில் தெரியாது.

ரிலேயைக் கழற்றிவிட்டு அளந்தது நல்ல காரியம். மாட்டியபடியே அளந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல கம்ப்ரஸருக்கு வைண்டிங் ஷார்ட் என்று பெயர் வருவது பல இடங்களில் இங்கேதான். இப்போதைய சின்ன பிரிட்ஜ்களில் ரிலே என்பது பிடிசி எனும் ஒரு வட்ட மாத்திரை. குளிர்ந்திருக்கும்போது அதன் ஓம் குறைவு. 22 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அது ரன் பின்னையும் ஸ்டார்ட் பின்னையும் குறுக்கே இணைத்து நிற்கும். அப்படியே மீட்டரை வைத்தால் உங்கள் 35.1 ஓம், 13.5 ஆகத் தெரியும். ரன் வைண்டிங்கின் 14.2, 10.7 ஆகத் தெரியும். வைண்டிங்கில் துளி கோளாறும் இல்லாமலே அளவு கால் பங்கு குறைந்துவிடும். உங்கள் அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் நீங்கள் அந்தக் குழியில் விழவில்லை என்பது உறுதி.

இனி, இந்தச் சோதனையின் எல்லை. வைண்டிங்கில் சில சுற்றுகள் மட்டும் இனாமல் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் ஓம் எவ்வளவு குறையும்? நூற்றுக்கு மூன்று சுற்று ஒட்டியதாக வைத்தால் 14.2-இல் குறைவது சுமார் 0.4 ஓம். மீட்டர் வயரின் அளவும் அதேதான். அறை வெப்பம் எட்டு டிகிரி மாறினாலும் செப்புக்கம்பியின் ஓம் கிட்டத்தட்ட அதே அளவு மாறிவிடும். சாதாரண மீட்டரின் துல்லியத்துக்கு அது எட்டாது. ஆனால் ஒட்டிய அந்தச் சில சுற்றுகளுக்குள் ஓடும் கரண்ட் பெரியது, அது கொதிக்கும். ஆக, ஓம் நன்றாக இருந்தும் வைண்டிங் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்த ரகக் கோளாறு கரண்டில்தான் பிடிபடும். அது இருபது நிமிடம் பொறுமையாகக் காத்திருந்து வெட்ட வைப்பதும் அபூர்வம்.

எவ்வளவு நேரத்தில் வெட்டுகிறது என்பதைத்தான் நான் எப்போதும் முதலில் கேட்பேன். 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு ஐந்து, பத்து நொடியில் வெட்டினால் மோட்டார் சுழலவே இல்லை. ரிலே, வோல்டேஜ் அல்லது கம்ப்ரஸர் உள்ளே ஜாம் ஆகியிருப்பது காரணம், அது தனிக்கதை. சுழல ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் வெட்டினால் ஸ்டார்ட் வைண்டிங் லைனிலிருந்து விலகவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட் வைண்டிங் கணப்பொழுது வேலைக்காகச் செய்தது, தொடர்ந்து கரண்ட் ஓடினால் தாங்காது. பழைய காயில் ரிலேயில் காண்டாக்ட் ஒட்டிக்கொள்வதும், பிடிசி மாத்திரை உடைந்துபோவதும் இதற்குக் காரணம். பிடிசியைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கலகலவென்றால் உள்ளே உடைந்திருக்கிறது. உங்களுடையது மூன்றாவது வகை: இருபது, இருபத்தைந்து நிமிடம். சூடு மெல்ல மெல்ல ஏறி ஒரு அளவைத் தொட்டதும் வெட்டுகிறது.

ஓவர்லோட் எப்படி வெட்டுகிறது என்று தெரிந்தால் அடுத்தது எளிது. அந்தச் சின்ன கறுப்புக் குப்பிக்குள் இரு உலோகத் தகடு ஒன்று வளைந்து நிற்கும். அதன் அடியில் ஒரு சின்ன ஹீட்டர் கம்பி, கம்ப்ரஸரின் முழுக் கரண்டும் அது வழியாகத்தான் காமன் பின்னுக்குப் போகும். குப்பி கம்ப்ரஸரின் இரும்பு உடம்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆக, தகட்டுக்கு இரண்டு பக்கமிருந்து சூடு: கரண்டால் ஒன்று, உடம்புச் சூட்டால் ஒன்று. இரண்டும் சேர்ந்து அளவைத் தாண்டினால் தகடு 'டக்' என்று மறுபக்கம் புரளும். கரண்ட் சாதாரணமாக இருந்தாலும் உடம்பு அதிகச் சூடானால் வெட்டும். உடம்பு பச்சைத் தண்ணீராக இருந்தாலும் கரண்ட் எகிறினால் வெட்டும். இரண்டும் சரியாக இருந்தும் வெட்டினால் தகடே சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். பலமுறை வெட்டி வெட்டி அதற்கும் வயதாகும்.

இப்போது கேள்வி இதுதான்: வெட்டும் நேரத்தில் மோட்டார் உள்ளே நிஜமாகவே கொதிக்கிறதா, இல்லையா? கையை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. நன்றாக வேலை செய்யும் கம்ப்ரஸரின் மேல்பக்கமே சென்னை மே மாதத்தில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஆனால் வைண்டிங்கே ஒரு வெப்பமானி. செப்பு சூடாகச் சூடாக அதன் ஓம் ஒரு திட்டமான விகிதத்தில் ஏறும். குளிர்ந்த ஓமும் சூடான ஓமும் தெரிந்தால் உள்ளே எத்தனை டிகிரி என்று கணக்குப் போட்டுவிடலாம். கம்ப்ரஸர் தயாரிக்கிறவர்களும் தங்கள் சோதனைக் கூடத்தில் வைண்டிங் வெப்பத்தைக் கண்டுபிடிப்பது இதே கணக்கில்தான்.

```
T2 = (R2 / R1) × (234.5 + T1) − 234.5
```

R1 குளிர்ந்த ஓம், T1 அப்போது அறையின் வெப்பம். R2 சூடான ஓம், T2 நமக்குத் தேவையான உள் வெப்பம். 234.5 செப்புக்கே உரிய எண். வெப்பம் எல்லாம் செல்சியஸில். மீட்டர் வயரின் 0.4-ஐ இரண்டு ஓமிலும் கழித்துவிட வேண்டும்.

செய்யும் முறை: இரவு பிரிட்ஜைப் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். காலையில் கம்ப்ரஸர் முழுதும் அறை வெப்பத்துக்கு வந்திருக்கும். பக்கத்தில் ஒரு சாதாரண வெப்பமானி வைத்து அறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, காமனுக்கும் ரன்னுக்கும் நடுவே அளந்து எழுதுங்கள். பிறகு ரிலே, ஓவர்லோட், மூடி எல்லாம் மாட்டி, பிரிட்ஜை வழக்கமான இடத்தில் வழக்கம்போல ஓட விடுங்கள். ஓவர்லோட் வெட்டிய சத்தம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ஓவர்லோடையும் ரிலேயையும் உருவிவிட்டு அதே இரண்டு பின்னில் அளக்க வேண்டும். ஓவர்லோட் வழியாக அளந்தால் ஒன்றும் காட்டாது, அது திறந்திருக்கிறது. வேகம் முக்கியம், நின்ற நொடியிலிருந்தே வைண்டிங் ஆற ஆரம்பித்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் முதல் அளவு கிடைத்தால் நல்லது. அதன்பின் அரை நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து அளவு எழுதிக்கொண்டால், எந்த வேகத்தில் இறங்குகிறது என்று பார்த்து, நின்ற கணத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டு இருக்காமல் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸரின் உடம்பும் டிஸ்சார்ஜ் குழாயும் சுடும், பார்த்துச் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தில் விளையாட வேண்டாம். மூடி இல்லாமல் கம்ப்ரஸருக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள், மீட்டர் முனையைப் பின்னில் மாட்டி வைத்தபடி ஓட விடாதீர்கள். அந்தப் பின்கள் கண்ணாடிச் சீலில் பதித்தவை. உள்ளே அழுத்தத்தில் கேஸும் ஆயிலும் இருக்கிறது. கெட்ட வைண்டிங்கில் பின் அருகே பொறி பறந்தால் பின்னே பிய்த்துக்கொண்டு வெளியே வரும், சூடான ஆயில் முகத்தில் அடிக்கும். இப்போதைய பல பிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ எரியும் கேஸ் என்பதும் நினைவில் இருக்கட்டும். கம்ப்ரஸர் லேபிளில் எந்தக் கேஸ் என்று இருக்கும். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் உள்ள மாடல் என்றால், தொடுவதற்கு முன் அதையும் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும்.

கணக்கு எப்படிப் பேசும் என்று உங்கள் எண்ணிலேயே பார்ப்போம். காலையில் அறை 31 டிகிரி, ரன் வைண்டிங் 14.6, வயரைக் கழித்தால் 14.2. வெட்டிய உடனே மீட்டர் 19.7 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கழித்தால் 19.3. 19.3-ஐ 14.2-ஆல் வகுத்தால் 1.359. அதை 265.5-ஆல் பெருக்கினால் 360.9. 234.5 கழித்தால் 126 டிகிரி. உள்ளே மோட்டார் நிஜமாகவே கொதித்திருக்கிறது. தொடர்ந்து ஓடுவதற்கு இந்தச் சூடு எல்லையை ஒட்டியது. ஓவர்லோட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதை மாற்றினால் ஒன்றும் ஆகாது, சூட்டுக்குக் காரணத்தைத் தேட வேண்டும்.

அதே இடத்தில் மீட்டர் 17.6 காட்டியிருந்தால்? கழித்தால் 17.2. கணக்கு 87 டிகிரிக்கு வருகிறது. ஓடும் கம்ப்ரஸருக்கு இது சாதாரணச் சூடு. இந்தச் சூட்டில் வெட்டியது என்றால், ஒன்று கரண்ட் அந்த நேரத்தில் எகிறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓவர்லோட் சோர்ந்திருக்க வேண்டும். நூறுக்கும் நூற்றுப் பத்துக்கும் நடுவே வந்தால் அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய மாட்டேன். நீங்கள் அளக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பத்து டிகிரி இறங்கியிருக்கலாம்.

இதோடு கரண்டும் தெரிந்தால்தான் படம் முழுமையாகும். அதற்குக் கிளாம்ப் மீட்டர் வேண்டும், மல்டிமீட்டரைத் தொடரில் போட்டு அளக்க முயலாதீர்கள். ஸ்டார்ட் ஆகும் கணத்தின் கரண்ட் அதன் ஃபியூஸைக் கொண்டுபோய்விடலாம். கிளாம்ப்பை பிரிட்ஜ் வயரைச் சுற்றி அப்படியே மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஃபேஸ் வயர் மட்டும் தனியாகப் பிரிந்து வெளியே தெரியும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒரு ஆம்பியர் மாதிரிச் சின்ன கரண்டைப் பெரிய கிளாம்ப் சரியாகக் காட்டாது. அந்த ஒற்றை வயரை வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றி, காட்டும் எண்ணைப் பத்தால் வகுத்தால் நம்பகமாக வரும்.

இந்த அளவு பிரிட்ஜில் ஓடும் கரண்ட் ஒரு ஆம்பியரை ஒட்டி இருக்கும். உங்களுடையதன் சரியான எண் பிரிட்ஜின் பின்பக்க லேபிளில் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு காட்டி, ஓரிரு நொடியில் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றால் ஸ்டார்ட் வைண்டிங் விலகவில்லை. இறங்கிய பிறகு ஐந்தாம் நிமிடம், பதினைந்தாம் நிமிடம், வெட்டுவதற்குச் சற்று முன் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பிரிட்ஜில் உள்ளே குளிரக் குளிர கரண்ட் மெல்ல இறங்கும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் கண்டன்சர் சூட்டை வெளியே விட முடியாமல் திணறுகிறது.

இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வைண்டிங் கொதிக்கிறது, கரண்ட் ஏறிக்கொண்டே போகிறது என்றால் கண்டன்சர் பக்கம் பாருங்கள். பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை இருந்தால் தூசி, சுவரோடு ஒட்டி நிற்பது, அதன் மேல் துணி காயப் போடுவது. வலை தெரியாத மாடல்களில் கண்டன்சர் பக்கவாட்டுத் தகட்டுக்குள் இருக்கும். பிரிட்ஜை மரக் கப்போர்டுக்குள் பொருந்தும்படி நுழைத்து வைத்த வீடுகளில் நான் பார்த்த இருபது நிமிட வெட்டுகள் பெரும்பாலும் இதுதான். அதைச் சோதிப்பது செலவில்லாத வேலை: பிரிட்ஜை வெளியே இழுத்து, மூன்று பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு, ஒரு டேபிள் ஃபேனைக் கம்ப்ரஸரும் கண்டன்சரும் இருக்கும் பக்கம் திருப்பி ஓட விடுங்கள். வெட்டாமல் ஒரு மணி நேரம் ஓடினால் வைண்டிங்கைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது. ஃபேன் வைத்தும் கரண்ட் ஏறினால், சமீபத்தில் யாராவது கேஸ் போட்டார்களா என்று யோசியுங்கள். அதிகமாகப் போட்ட கேஸும், சரியாக வேக்கம் எடுக்காமல் உள்ளே மாட்டிய காற்றும் இதே குணத்தைக் காட்டும். கேஸ் போடாத பிரிட்ஜில் அதைத் தேட வேண்டாம்.

வைண்டிங் கொதிக்கிறது, கரண்டோ ஆரம்பத்திலிருந்தே ஒரே மாதிரி அதிகம் என்றால் வோல்டேஜை அளங்கள். பிளக்கில், கம்ப்ரஸர் ஓடும்போது. ஓடாதபோது 225 காட்டும் பாயிண்ட், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் 180-க்குச் சரிந்தால் வீட்டு வயரிங்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ லூஸ் இருக்கிறது. கோடைக்கால ராத்திரியில் தெருவே ஏசி போடும் நேரத்தில் மட்டும் வெட்டுகிறது, விடிகாலையில் வெட்டவில்லை என்றால் அதுவும் வோல்டேஜின் கைவரிசை. அதிக வோல்டேஜும் ஆகாது. இந்தச் சின்ன மோட்டார்கள் 260-ஐப் பார்த்தால் காந்தக் கரண்டாகவே நிறைய இழுத்துச் சூடாகும். வோல்டேஜ் 230-ஐ ஒட்டி நின்று, காற்றோட்டமும் சரியாக இருந்து, அப்போதும் கரண்ட் லேபிளைவிடக் கணிசமாக அதிகம் என்றால்தான் கம்ப்ரஸர் மேல் சந்தேகம் வர வேண்டும். சுற்றுகள் ஒட்டியிருக்கலாம், பேரிங் தேய்ந்து மோட்டார் இழுத்துக்கொண்டு ஓடலாம். அந்த இடத்தில் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகிவிடும்.

வைண்டிங் கொதிக்கிறது, கரண்ட் லேபிளைவிடக் குறைவு என்பது வேறொரு ஜாதி. மோட்டாரைக் குளிர வைப்பது திரும்பி வரும் கேஸ்தான். கேஸ் லீக்காகிக் குறைந்துவிட்டால் கம்ப்ரஸர் இலேசாக ஓடும், ஆனால் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ள வழியிருக்காது. ஏசியில் இது அன்றாடம் பார்ப்பது. சின்ன பிரிட்ஜில் குறைவு. அங்கே கேஸ் குறைந்தால் வெட்டுவதற்கு முன்பே, ஃப்ரீஸரில் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் பிடிப்பதும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுவதும் தெரிந்துவிடும்.

கடைசியாக, வைண்டிங் 90 டிகிரியை ஒட்டி இருக்கிறது, கரண்டும் லேபிளுக்குள், இருந்தும் வெட்டுகிறது. ஓவர்லோடை மாற்றுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை இது. ஆனால் கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுப்பார், வாங்கி வராதீர்கள். உங்கள் பழைய ஓவர்லோடின் மேல் உள்ள நம்பரையும் கம்ப்ரஸர் மாடலையும் காட்டி அதற்கு இணையானதை வாங்குங்கள். வேறு ரேட்டிங் போட்டால், சின்னதாக இருந்தால் நல்ல கம்ப்ரஸரையும் வெட்டிக்கொண்டே இருக்கும், பெரிதாக இருந்தால் வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாது. மாட்டும்போது கம்ப்ரஸர் உடம்போடு நன்றாக ஒட்டி உட்காருகிறதா, காமன் பின்னில் கிளிப் இறுக்கமா என்றும் பாருங்கள். தளர்ந்த கிளிப் தானே சூடாகி ஓவர்லோடையும் சூடாக்கும். பின் நீலமாகவோ கறுத்தோ இருந்தால் அதுதான் குற்றவாளி. ஓவர்லோடைச் சுற்றி ஒரு வயரைப் போட்டு நேராக ஓட விட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது வெட்டுவதற்கு உண்மையான காரணம் இருந்திருந்தால், அந்த ஒரு ஓட்டத்தில் வைண்டிங் நிஜமாகவே போய்விடும்.

சோதனை செய்யும்போது ஒன்று: வெட்டிய பிறகோ பிளக்கைப் பிடுங்கிய பிறகோ உடனே திரும்பப் போடாதீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். இரு பக்க அழுத்தம் சமமாகவும், பிடிசி மாத்திரை ஆறவும் அவ்வளவு நேரம் தேவை. அவசரப்பட்டுப் போட்டால் நல்ல கம்ப்ரஸரே முனகிவிட்டு வெட்டும், நீங்கள் புதுசாக ஒரு கோளாறு வந்துவிட்டதாக நினைப்பீர்கள். கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் பல வீடுகளில் நடப்பதும் இதுதான்.

நீங்கள் அளக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது: பின்னுக்கும் உடம்புக்கும் நடுவே. மீட்டரின் மிகப்பெரிய ஓம் ரேஞ்சில், ஒரு முனையை ஒவ்வொரு பின்னிலும், மறு முனையை கம்ப்ரஸரின் செப்புக் குழாயில் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வையுங்கள். விரல் முனைகளைத் தொடக் கூடாது, உங்கள் உடம்பின் ஓம் கூடவே அளக்கப்பட்டுவிடும். மீட்டர் ஒன்றும் காட்டாமல் திறந்தே இருக்க வேண்டும். கிலோ ஓம் கணக்கில் ஏதாவது காட்டினால் பாடி ஷார்ட், அந்த கம்ப்ரஸரை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். ஒன்றும் காட்டாவிட்டாலும் முழு நிம்மதி இல்லை: மீட்டர் கொடுப்பது சில வோல்ட் மட்டும், 230-இல் கசியும் இன்சுலேஷன் அதற்குத் தெரியாது. பிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்றாலோ வீட்டு ஈ.எல்.சி.பி. விழுந்தாலோ 500 வோல்ட் மெக்கர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். கேஸ் எடுத்து வேக்கம் போட்டிருக்கும் கம்ப்ரஸரில் மட்டும் மெக்கர் வைக்கக் கூடாது. வேக்கத்தில் பின்களுக்கு நடுவே பொறி தாவி, நன்றாக இருந்த வைண்டிங்கே கெட்டுவிடும்.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்குப் பிறகு வரலாம்: பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் பிரிட்ஜிலும் இதே மாதிரி அளந்து பார்த்தால் மூன்று ஜோடியிலும் ஒரே ஓம் வரும். அது மூன்று ஃபேஸ் மோட்டார், ஸ்டார்ட்டும் இல்லை காமனும் இல்லை. அங்கே மூன்றும் சமமாக இருப்பதுதான் சரி, ஒன்று மாறினால்தான் கோளாறு. அதை ஓட்டுவது போர்டு என்பதால் இந்த ஓவர்லோட் கணக்கு எதுவும் அங்கே செல்லாது.

உங்கள் பிரிட்ஜில் நான் என்றால் இந்த வரிசையில் போவேன்: இன்றைக்கே வெளியே இழுத்து ஃபேன் வைத்து ஒரு மணி நேரம், அதிலும் வெட்டினால் நாளைக் காலை குளிர்ந்த ஓம், பிறகு வெட்டிய உடனே சூடான ஓம், கூடவே வோல்டேஜ். கிளாம்ப் மீட்டர் இல்லாவிட்டால் அதற்கு மட்டும் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஓட்டக் கரண்டை எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். வோல்டேஜ் சரி, காற்றோட்டம் சரி, கரண்ட் மட்டும் லேபிளைத் தாண்டுகிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால் கம்ப்ரஸருக்குப் பணம் கொடுங்கள். 14.6, 21.3, 35.5-ஐக் காட்டி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.